செக்சம் ஒரே இடத்தில் இருந்தால் போதாதா? அடுக்கு நெறிமுறைகள் வகுப்புக்கான ‘ஏன்’ கேள்விகள்

ஈதர்நெட்டில் ஒரு செக்சம், ஐபியில் ஒன்று, டிசிபியில் ஒன்று. ஒரே வேலையை எதற்கு மூன்று தடவை செய்கிறார்கள்?

தரவு வழியில் கெட்டதா என்று பார்க்கக் கூடவே அனுப்பும் எண்தான் செக்சம். வேலை ஒன்றுபோலத் தெரிந்தாலும் மூன்றும் காவல் காக்கும் இடம் வேறு. அடுக்குகள் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்தப் பாடத்தை எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

ஈதர்நெட் பிரேமின் கடைசியில் சிஆர்சி என்ற நான்கு பைட் செக்சம் இருக்கிறது. ஒரு கேபிளின் இந்த முனையில் அதைக் கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள், அந்த முனையில் சரிபார்க்கிறார்கள். அதோடு அதன் ஆயுள் முடிந்தது. பிரேமைப் பெற்ற ரூட்டர் சிஆர்சியைப் பார்த்துவிட்டு, பிரேமின் உறையைக் கழற்றி எறிந்துவிடும். உள்ளே இருக்கும் ஐபி பாக்கெட் ரூட்டரின் நினைவகத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். அடுத்த கேபிளுக்குப் போகும்போது புதிய பிரேம், புதிய சிஆர்சி. நினைவகத்தில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு பைட் கெட்டுப்போனால் என்ன ஆகும்? கெட்டுப்போன பைட்டையும் சேர்த்தே ரூட்டர் புதிய சிஆர்சியைக் கணக்கிடும். அடுத்த முனையில் அது கச்சிதமாகப் பொருந்தும். பிழைக்கு நற்சான்றிதழ் கொடுத்தது போல ஆகிவிடுகிறது.

இது கற்பனை இல்லை. எம்ஐடியில் பல உள்ளூர் நெட்வொர்க்குகளை இணைத்திருந்த ஒரு கேட்வே கணினியில் இப்படி நடந்திருக்கிறது. உள்வரும் பஃபரிலிருந்து வெளிச்செல்லும் பஃபருக்குத் தரவை நகலெடுக்கும்போது, ஏறக்குறைய பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு தடவை இரண்டு பைட்டுகள் இடம் மாறிக்கொண்டன. ஒவ்வொரு கேபிளிலும் செக்சம் இருந்தது, எல்லாமே சரியாகத்தான் பொருந்தியது. நெட்வொர்க் நம்பகமானது என்று நினைத்து, மென்பொருள் எழுதியவர்கள் தங்கள் பக்கம் வேறு சோதனை எதுவும் வைக்கவில்லை. ஓர் இயங்குதளத்தின் மூலநிரல் கோப்புகள் அந்த கேட்வே வழியாகத் திரும்பத் திரும்பப் போய்வந்ததில் சில சிதைந்துவிட்டன. கடைசியில் பழைய அச்சுப்பிரதிகளை வைத்துக்கொண்டு கையாலேயே ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் முனையிலிருந்து முனைக்கான வாதத்தை முன்வைத்தபோது சொன்ன உதாரணம் இது.

டிசிபியின் செக்சத்தை அனுப்பும் கணினி போடுகிறது, பெறும் கணினி பார்க்கிறது. நடுவில் உள்ள ரூட்டர்கள் அதைத் தொட வேண்டியதில்லை. அதனால் கேபிள்களுக்கு நடுவே, அதாவது பெட்டிகளுக்குள் நடக்கும் பிழையையும் அதனால் பிடிக்க முடியும். ஐபியின் செக்சம் மூன்றாவது ரகம். அது ஐபி ஹெடரை மட்டும்தான் காக்கிறது, உள்ளே இருக்கும் தரவைத் தொடுவதே இல்லை. அது ஏன் என்று கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

சரி, அப்படியென்றால் கடைசி முனையில் மட்டும் பார்த்துவிட்டுப் போகலாமே? லிங்க் அடுக்கு எதற்கு மெனக்கெட வேண்டும்?

தரவு சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு மட்டும் என்றால், வேண்டியதில்லை. லிங்க் அடுக்கு பிழையைத் திருத்துவது வேகத்துக்காக. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வைஃபையில் பத்தில் ஒரு பிரேம் கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமான இடத்தில் இது நடக்கக்கூடியதுதான். சர்வர் தொலைவில் இருக்கிறது, போய்வர 100 மில்லிவினாடி ஆகிறது. டிசிபியின் ஒரு துண்டு 1,460 பைட். பழைய வகை டிசிபியின் வேகத்துக்கு ஒரு தோராயச் சூத்திரம் இருக்கிறது:

```
rate ≈ (MSS / RTT) × 1.22 / √p
```

இதில் `MSS` என்பது துண்டின் அளவு, `RTT` என்பது போய்வரும் நேரம், `p` என்பது தொலைந்துபோகும் பாக்கெட்டுகளின் விகிதம். 1,460 பைட் என்பது 11,680 பிட். அதை 0.1 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 1,16,800 பிட். `p` 0.1 என்றால் 1.22-ஐ 0.316-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 3.86 வரும். பெருக்கினால் வேகம் ஏறக்குறைய 0.45 மெகாபிட். இவ்வளவு இழப்பில் இந்தச் சூத்திரமே சற்றுத் தாராளமானது, நிஜத்தில் டைம்அவுட்டுகள் சேர்ந்து இன்னும் குறையும்.

இப்போது வைஃபையின் லிங்க் அடுக்கைக் கொண்டுவருவோம். ஒரு கணினிக்கென்று அனுப்பும் ஒவ்வொரு பிரேமுக்கும் எதிர்முனை ஒரு குட்டி ஒப்புகையைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒப்புகை வராவிட்டால் வைஃபை கார்டு அதே பிரேமை உடனே மறுபடி அனுப்பும். மொத்தம் ஏழு முயற்சி என்று கொள்வோம். ஏழும் தோற்பதற்கான வாய்ப்பு 0.1-இன் ஏழாம் அடுக்கு, அதாவது ஒரு கோடியில் ஒன்று. சூத்திரத்தில் போட்டால் 450 மெகாபிட் வருகிறது. அதற்கு முன்பே வைஃபையின் வேகமே முட்டுக்கட்டை ஆகிவிடும். ஆக, டிசிபியைப் பொறுத்தவரை இழப்பு என்பதே இல்லாமல் போய்விட்டது.

இந்த ஆயிரம் மடங்கு எங்கிருந்து வந்தது? தொலைந்ததை டிசிபி திருத்த வேண்டுமானால் 100 மில்லிவினாடிப் பயணம் ஒன்று வேண்டும். அதைவிட மோசம், நெரிசலால்தான் தொலைந்தது என்று டிசிபி முடிவுகட்டித் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். தொலைந்தது நெரிசலாலா, ரேடியோ இரைச்சலாலா என்று தூரத்து முனைக்குத் தெரிய வழியில்லை. பக்கத்தில் நிற்கும் வைஃபை கார்டுக்குத் தெரியும், அதுவும் சில மைக்ரோவினாடிகளில். தெரிந்த இடத்திலேயே திருத்தத்தான் அந்த அடுக்கு.

இதற்கும் எல்லை உண்டு. லிங்க் அடுக்கு விடாப்பிடியாக ஒரே பிரேமை அரை வினாடி முயன்றுகொண்டிருந்தால், டிசிபி பொறுமையிழந்து அதே தரவை மறுபடி அனுப்பிவிடும். ஒரே தரவு இரண்டு தடவை ரேடியோவில் போகும். குரல் அழைப்பாக இருந்தால் இன்னும் வீண், ஏனென்றால் தாமதமாக வரும் குரல் யாருக்கும் உதவாது. அதனால்தான் சில முயற்சிகளுக்குப் பிறகு லிங்க் அடுக்கு கைவிட்டுவிட்டு, மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விலகிக்கொள்கிறது.

அப்படி என்றால் ஈதர்நெட் கேபிள் ஏன் மறுபடி அனுப்புவதில்லை? பிழை என்றால் தூக்கிப் போடுகிறதே, அவ்வளவுதானே?

அங்கே பிழை அபூர்வம். ஜிகாபிட் செப்புக் கேபிளுக்கான தரநிலை, ஆயிரம் கோடி பிட்டுக்கு ஒன்றுக்கு மேல் பிழை கூடாது என்கிறது. 1,500 பைட் என்பது 12,000 பிட், ஆக எட்டு லட்சம் பிரேமுக்கு ஒன்று கெடலாம். இதற்காக ஒவ்வொரு பிரேமுக்கும் ஒப்புகை அனுப்பிக்கொண்டிருப்பது நஷ்டம். அரிதாகத் தொலைவதை டிசிபி திருத்திக்கொள்ளும். ஒரே அடுக்கு, ஊடகத்தைப் பொறுத்து வேறு முடிவு. வகுப்பில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் நன்றாக வேலை செய்கிறது.

பிசிக்கல் அடுக்கையும் டேட்டா லிங்க் அடுக்கையும் ஏன் பிரித்தார்கள்? இரண்டும் ஒரே கார்டில்தானே இருக்கின்றன?

பிரேம் மாறாமல் இருக்க, கம்பியில் ஓடும் சமிக்ஞை மாறலாம் என்பதற்காக. ஜிகாபிட் ஃபைபரில் ஒவ்வொரு எட்டு பிட்டையும் பத்து பிட்டாக மாற்றி ஒளியாக அனுப்புகிறார்கள். நீளமாகப் பூஜ்யமே வந்தால் பெறுபவரின் கடிகாரம் தடுமாறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஜிகாபிட் செப்புக் கேபிளிலோ நான்கு ஜோடிக் கம்பிகளில் ஐந்து மின்னழுத்த நிலைகளை வைத்து அனுப்புகிறார்கள். இரண்டிலும் போவது அதே ஈதர்நெட் பிரேம். சுவிட்ச் ஒரு பக்கம் ஃபைபரிலும் மறுபக்கம் செம்பிலும் பேச முடிவது இதனால்தான்.

மேக் முகவரி உலகத்திலேயே ஒன்றுதான் என்கிறார்கள். அப்புறம் ஐபி முகவரி எதற்கு?

மேக் முகவரி யார் என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. அதன் 48 பிட்டில் முதல் பாதி அந்தக் கார்டைத் தயாரித்தவரைக் குறிக்கிறது. அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு கார்டுகள் இரண்டு கண்டங்களில் இருக்கலாம். ஆக, இந்த எண்ணில் தொடங்குபவை எல்லாம் அந்தப் பக்கம் என்று ஒரே வரியில் எழுதி வைக்க முடியாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி என்று உலகின் ஒவ்வொரு ரூட்டரும் எழுதி வைக்க வேண்டியிருக்கும். ஒருவர் தன் மடிக்கணினியை வேறிடத்துக்குத் தூக்கிப் போனால் அத்தனை ரூட்டர்களிலும் அந்த வரியை மாற்ற வேண்டும்.

ஐபி முகவரியின் முன்பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது. முன்பகுதி ஒன்றாக இருப்பவற்றை ஒரே வரியில் அடக்கிவிடலாம். இணையத்தின் முதுகெலும்பு ரூட்டர்கள் ஐபிவி4-இன் பல நூறு கோடி முகவரிகளையும் சுமார் பத்து லட்சம் வரிகளில் சமாளிப்பது இப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எல்லா இணைப்புக்கும் மேக் முகவரி கிடையாது. இரண்டே முனை கொண்ட ஒரு தொடர் இணைப்பில் மறுமுனை ஒன்றுதான், அங்கே முகவரிக்கு வேலையே இல்லை. வெவ்வேறு விதமான இணைப்புகளின் மேல் ஒரே முகவரி ஓட வேண்டும் என்றால், அந்த முகவரி எந்த இணைப்புக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது.

மாணவர்களைக் கண்ணால் பார்க்க வையுங்கள். தொலைவில் உள்ள ஏதாவது ஒரு சர்வருக்கு `ping` அனுப்பச் சொல்லி, உடனே இதை இயக்கச் சொல்லுங்கள்:

```
ip neigh show
```

அந்தச் சர்வரின் மேக் முகவரி பட்டியலில் இருக்காது. கேட்வேயின் மேக் முகவரிதான் இருக்கும். கணினி அனுப்பிய பிரேமில் சேருமிட மேக் கேட்வேயுடையது, உள்ளே இருக்கும் பாக்கெட்டில் சேருமிட ஐபி சர்வருடையது. வழியில் ஒவ்வொரு ரூட்டரிலும் முன்னது மாறும், பின்னது மாறாது. இதைப் பார்த்த பிறகு, இரண்டு முகவரி எதற்கு என்ற கேள்வியை யாரும் மறுபடி கேட்டதில்லை.

ஐபி ஹெடரில் மொத்த நீளம் என்று ஒரு புலம் இருக்கிறது. பிரேம் எங்கே முடிகிறது என்று கார்டுக்குத்தான் தெரியுமே?

பிரேமின் நீளம் சில சமயம் பொய் சொல்லும். ஒரே ஓர் எழுத்தை அனுப்பிப் பார்ப்போம். தொலைவில் உள்ள கணினியில் உள்நுழைந்து `a` என்று தட்டுகிறீர்கள். குறியாக்கம் இல்லாத பழைய டெல்நெட் என்று வையுங்கள், கணக்கு எளிது. தரவு ஒரு பைட். கூடுதல் தேர்வுகள் எதுவும் இல்லாத டிசிபி ஹெடர் 20 பைட், ஐபி ஹெடர் 20 பைட். ஆக 41.

ஈதர்நெட் பிரேமுக்குள் குறைந்தது 46 பைட் இருந்தாக வேண்டும். ஒரே கம்பியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில், மோதலை அனுப்பி முடிப்பதற்குள் கண்டுபிடிக்க பிரேம் குறைந்தது 64 பைட் இருக்க வேண்டியிருந்தது. அந்த விதி இன்றும் அப்படியே இருக்கிறது. அதனால் கார்டு ஐந்து பைட்டுகளை நிரப்பியாகச் சேர்க்கிறது. 14 பைட் ஈதர்நெட் ஹெடர், 46 பைட் உள்ளடக்கம், 4 பைட் சிஆர்சி, மொத்தம் 64.

மறுமுனையில் கார்டு 46 பைட்டையும் மேலே கொடுத்துவிடும். அதில் கடைசி ஐந்து வெறும் நிரப்பு என்று அதற்குத் தெரியாது, ஏனென்றால் வழக்கமான ஈதர்நெட் ஹெடரில் இருப்பது உள்ளடக்கத்தின் வகை, நீளம் இல்லை. ஐபி ஹெடர் மட்டும்தான் 41 என்று சொல்கிறது. அந்த எண் இல்லாவிட்டால் நீங்கள் தட்டிய `a`-வுக்குப் பின்னால் ஐந்து பூஜ்ய பைட்டுகளும் நீங்கள் தட்டியதாகவே போய்ச் சேரும். டிசிபிக்குத் தனியாக நீளப் புலம் கிடையாது, ஐபி சொன்ன 41-இலிருந்து இரண்டு ஹெடர்களைக் கழித்துத்தான் ஒரு பைட் என்று கண்டுகொள்கிறது. கீழே உள்ள அடுக்கு தன் வசதிக்காகச் செய்வதை மேலே உள்ளது கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கு இந்த ஐந்து பைட்டுகளே சாட்சி.

டிசிபியும் ஐபியும் எப்போதும் சேர்ந்தேதான் வருகின்றன. ஒரே அடுக்காக வைத்திருக்கலாமே?

முதலில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வெளியிட்ட வடிவத்தில் முகவரியும் நம்பகத்தன்மையும் ஒரே நெறிமுறைக்குள் இருந்தன. பாக்கெட்டுகளில் குரலை அனுப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

குரலை 20 மில்லிவினாடித் துண்டுகளாக அனுப்புகிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது துண்டு தொலைந்துவிட்டது. நம்பகமான நெறிமுறை வரிசையைக் குலைக்காது. ஆறு, ஏழு, எட்டு எல்லாம் வந்து சேர்ந்திருந்தாலும், ஐந்து மறுபடி வரும் வரை அவற்றைக் கொடுக்காமல் பிடித்து வைக்கும். போய்வர 200 மில்லிவினாடி என்றால், குறைந்தது பத்துத் துண்டுகள் காத்துக்கிடக்கும். கேட்பவருக்குப் பேச்சு திக்கி நிற்கும். ஐந்தாவது துண்டை விட்டுவிட்டால் 20 மில்லிவினாடி மௌனம்தான், காதுக்கு அநேகமாகத் தெரியாது.

அதனால் 1978-இல் இரண்டாகப் பிரித்தார்கள். முகவரி பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முயற்சியை மட்டும் ஐபி வைத்துக்கொண்டது. வரிசை, மறுபடி அனுப்புதல், வேகக் கட்டுப்பாடு எல்லாம் டிசிபிக்குப் போயின. டிசிபி வேண்டாதவர்களுக்கு 1980-இல் யுடிபி வந்தது. அதில் இருப்பது இரண்டு போர்ட் எண்கள், நீளம், செக்சம், மொத்தம் எட்டே பைட்.

ஐபியை நம்பகமில்லாததாக விட்டது சோம்பேறித்தனம் என்று சில மாணவர்கள் நினைப்பார்கள். ஐபி நம்பகமாக இருந்திருந்தால் குரலுக்கு அதிலிருந்து தப்பிக்க வழியே இருந்திருக்காது. கீழே இல்லாததை மேலே சேர்த்துக்கொள்ளலாம், கீழே இருப்பதை மேலிருந்து நீக்க முடியாது.

டிசிபி செக்சம் எல்லாப் பிழையையும் பிடித்துவிடுமா?

பிடிக்காது. அது பதினாறு பிட் சொற்களைக் கூட்டித் தலைகீழாக்குவது மட்டுமே. கூட்டலில் வரிசை மாறினாலும் விடை மாறாது:

```python
def csum(words):
    s = sum(words)
    while s >> 16:
        s = (s & 0xffff) + (s >> 16)
    return hex(~s & 0xffff)

print(csum([0x4142, 0x4344]))   # ABCD -> 0x7b79
print(csum([0x4344, 0x4142]))   # CDAB -> 0x7b79
print(csum([0x4241, 0x4344]))   # BACD -> 0x7a7a
```

`ABCD` என்பது `CDAB` ஆனாலும் அதே `0x7b79`தான் வருகிறது. ஒரு சொல்லுக்குள்ளேயே இரண்டு பைட் இடம் மாறினால் மட்டும் தெரிந்துவிடுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதை ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் இருவரும் 2000-இல் நிஜப் போக்குவரத்தை அளந்து காட்டினார்கள். சிஆர்சி சரியாக இருந்தும் டிசிபி செக்சம் பொருந்தாத பாக்கெட்டுகள், இடத்தைப் பொறுத்து 1,100-க்கு ஒன்றிலிருந்து 32,000-க்கு ஒன்று வரை இருந்தன. கேபிளில் நடக்கும் பிழை இவ்வளவு தூரம் சிஆர்சியை ஏமாற்ற முடியாது. கணினிகளுக்குள்ளும் ரூட்டர்களுக்குள்ளும், கார்டுகளிலும் மென்பொருளிலும் நடந்தவை இவை. டிசிபி செக்சம் இல்லாமல் இருந்திருந்தால் இவை அத்தனையும் சத்தமில்லாமல் மேலே போயிருக்கும். அதையும் தாண்டிப் போகிற மிச்சம் கொஞ்சம் இருக்கும் என்பதால்தான், பெரிய கோப்பைப் பதிவிறக்கும் பக்கத்தில் SHA-256 எண்ணையும் சேர்த்துத் தருகிறார்கள்.

இப்போது எல்லாமே டிஎல்எஸ் என்ற குறியாக்கத்தில்தான் போகிறது. அதுவே ஒரு பிட் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். இனி டிசிபி செக்சம் எதற்கு?

டிஎல்எஸ்ஸால் கண்டுபிடிக்க முடியும், சரிசெய்ய முடியாது. இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவர் பாடத்தை உண்மையாகவே புரிந்துகொண்டவர்.

கெட்டுப்போன பாக்கெட் டிசிபி செக்சத்தில் சிக்கினால், டிசிபி அதைச் சத்தமில்லாமல் கீழே போடும், ஒப்புகை அனுப்பாது. அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். பயனருக்கு ஒன்றும் தெரியாது. அதே பாக்கெட் டிசிபியை ஏமாற்றிவிட்டு டிஎல்எஸ்ஸில் சிக்கினால் கதை வேறு. அதற்குள் டிசிபி அந்த பைட்டுகளுக்கு ஒப்புகை கொடுத்திருக்கும். அனுப்பிய பக்கமும் தன் பிரதியை அழித்திருக்கும். மறுபடி கொடு என்று கேட்க டிஎல்எஸ்ஸுக்கு வாய்ப்பே இல்லை. `bad_record_mac` என்ற எச்சரிக்கையை அனுப்பிவிட்டு மொத்த இணைப்பையும் வெட்டிவிட வேண்டியதுதான்.

2021-இல் தரநிலையான குவிக் நெறிமுறை இதை வேறு விதமாக அணுகுகிறது. யுடிபியின் மேல் ஓடும் அது, ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகக் குறியாக்கம் செய்து சரிபார்க்கிறது. சரிபார்த்த பிறகுதான் ஒப்புகை. கெட்டது தொலைந்ததாகவே கருதப்படும், மறுபடி வந்துவிடும். பிழையைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் ஒரே அடுக்கில் இருந்தால் என்ன லாபம் என்பதற்கு இந்த இரண்டையும் ஒப்பிடச் சொல்லிக் கேட்கலாம்.

செஷன் அடுக்கும் பிரசன்டேஷன் அடுக்கும் ஏன் இருக்கின்றன?

1984-இல் வந்த ஓஎஸ்ஐ மாதிரியில் இருக்கின்றன, இன்று ஓடும் இணையத்தில் தனி அடுக்காக இல்லை. அந்தத் தேவைகள் நிஜமானவை. ஆனால் செயலிகள் அவற்றைத் தங்களுக்கு வேண்டியபடி தாங்களே செய்துகொள்கின்றன: இணையதளத்தின் உள்நுழைவைக் குக்கி நினைவில் வைக்கிறது, எழுத்துகளை யுடிஎஃப்-8 குறிக்கிறது. இவற்றுக்கு வலிந்து காரணம் சொல்ல வைக்கும் கேள்விகளை நான் கேட்பதில்லை.

பிழை எந்த அடுக்கில் நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணிகளைப் பாருங்கள். ஒவ்வொரு அடுக்கும் தான் தூக்கிப் போட்டதை எண்ணி வைக்கிறது. லினக்ஸில்:

```
ethtool -S eth0 | grep -i crc
nstat -az TcpInCsumErrors
```

முதல் எண் ஏறினால் உங்கள் கணினிக்கும் சுவிட்சுக்கும் நடுவே உள்ள கேபிள், இணைப்பி, கார்டு இவற்றில் ஒன்று. கேபிளை மாற்றிப் பாருங்கள். முதலாவது அசையாமல் இரண்டாவது மட்டும் ஏறினால், கேபிளை மாற்றிப் பயனில்லை. பாக்கெட் உங்கள் கேபிளில் ஏறும் முன்பே கெட்டுவிட்டது, அல்லது உங்கள் கணினிக்குள் கெடுகிறது. வெவ்வேறு பாதையில் உள்ள சர்வர்களிடமிருந்து பதிவிறக்கிப் பார்த்தால், ஒரே பாதையில் மட்டும் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டும் அசையாமல் கோப்பின் SHA-256 மட்டும் பொருந்தவில்லை என்றால், வட்டையும் நினைவகத்தையும்கூடச் சந்தேகப்பட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. வயர்ஷார்க்கில் செக்சம் சோதனையை இயக்கினால், உங்கள் கணினி அனுப்பும் பாக்கெட்டுகளில் டிசிபி செக்சம் தவறு என்று வரிசையாகச் சிவப்பாகக் காட்டலாம். ஆய்வகத்தில் முதல் தடவை இதைப் பார்த்தபோது ஒரு மணி நேரம் கேபிள் கேபிளாக மாற்றிக்கொண்டிருந்தோம். பிழை எதுவும் இல்லை. செக்சத்தைக் கணக்கிடும் வேலையை இயங்குதளம் கார்டிடம் விட்டுவிடுகிறது, வயர்ஷார்க் பார்ப்பதோ கார்டுக்குப் போகும் முன் உள்ள பாக்கெட்டை. `ethtool -K eth0 tx off` என்று கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள், சிவப்பு போய்விடும்.

இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. கணக்கிடும் வேலையைக் கார்டிடம் கொடுத்துவிட்டால், நினைவகத்திலிருந்து கார்டுக்குப் போகும் வழியில் கெடுவதை டிசிபி செக்சமும் காக்காது. காவலை எந்த இடத்தில் வைக்கிறோமோ அங்கிருந்துதான் அதன் எல்லை தொடங்குகிறது.

டிசிபி செக்சத்தைக் கணக்கிடும்போது ஐபி முகவரிகளையும் சேர்க்கிறார்களே. மேல் அடுக்கு கீழ் அடுக்கைப் பார்க்கக் கூடாது என்ற விதி என்ன ஆனது?

மீறல்தான், தெரிந்தே செய்தது. வழியில் சேருமிட முகவரி சிதைந்து பாக்கெட் வேறொரு கணினிக்குப் போய்விட்டால், அங்கே அதே போர்ட் திறந்திருக்கலாம். முகவரியும் கணக்கில் சேர்ந்திருப்பதால் அந்தக் கணினி இது எனக்கு வந்ததில்லை என்று கண்டுகொள்ளும்.

இதற்கான விலை பிற்பாடுதான் தெரிந்தது. நாட் பெட்டி முகவரியை மாற்றும்போது, தனக்குச் சம்பந்தமில்லாத டிசிபி செக்சத்தையும் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. முனையிலிருந்து முனைக்கு என்று சொன்ன காவலை நடுவில் உள்ள பெட்டி தொடுகிறது. நல்ல நாட் பெட்டி முகவரி மாறிய வித்தியாசத்தை மட்டும் பழைய செக்சத்தில் சேர்க்கும், அப்போது தரவில் ஏற்கெனவே இருந்த பிழை மறையாது. முழுவதையும் புதிதாகக் கணக்கிடும் பெட்டி, முதல் கேள்வியில் சொன்ன ரூட்டர் போலவே பிழைக்குச் சான்றிதழ் கொடுத்துவிடும்.

ஐபிவி6-இல் ஐபி செக்சத்தையே எடுத்துவிட்டார்களாமே. அப்போது அது தேவையே இல்லாததா?

ஐபிவி4-இல் அதன் வேலை, சிதைந்த முகவரியை நம்பி ரூட்டர் பாக்கெட்டைத் தவறான பக்கம் அனுப்பாமல் தடுப்பது. தரவைக் காப்பது மேல் அடுக்கின் பொறுப்பு என்பதால் ஹெடரோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் பாக்கெட் இன்னும் எத்தனை ரூட்டர்களைத் தாண்டலாம் என்று ஹெடரில் சொல்லும் டிடிஎல் எண்ணில் ஒவ்வொரு ரூட்டரும் ஒன்றைக் குறைக்கிறது. ஹெடர் மாறியதால் செக்சத்தையும் ஒவ்வொரு ரூட்டரும் மாற்றி எழுத வேண்டும்.

ஐபிவி6-ஐ வடிவமைத்தபோது கேபிளில் நடக்கும் சிதைவை லிங்க் அடுக்கு பிடிக்கிறது, தவறிப்போனதை மேலே டிசிபி முகவரியோடு சேர்த்தே சரிபார்க்கிறது, நடுவில் இன்னொன்று எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். எடுத்த கையோடு இன்னொன்றும் செய்தார்கள். ஐபிவி4-இல் யுடிபி செக்சம் விருப்பம்தான், பூஜ்யம் போட்டு அனுப்பலாம். ஐபிவி6-இல் அது கட்டாயமானது. சில டனல்களுக்கு மட்டும் பின்னாளில் விலக்குக் கொடுத்தார்கள். ஐபி விட்டுப்போன முகவரிக் காவலை யுடிபிதான் இப்போது சுமக்கிறது.